எரிச்சல் நின்றது, புண் ஆறவில்லை: மூட்டுவலி மாத்திரைகளும் இரைப்பையும்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் விடியற்காலை, எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவிற்கு அறுபத்து மூன்று வயதுடைய பெண்மணி ஒருவர் அழைத்து வரப்பட்டார். வீட்டின் முன்புறத்தில் சிறியதோர் இட்லிக் கடை நடத்துபவர். அன்றும் வழக்கம்போல் நான்கு மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தவர், மாவுப் பாத்திரத்தைத் தூக்கி நிமிர்ந்தபோது கண் இருண்டு விழுந்துவிட்டார். நாடித் துடிப்பு நிமிடத்திற்கு 112. இரத்த அழுத்தம் 100/60. கண்ணின் கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தபோது அங்கே சிவப்பு என்பதே இல்லை. சற்று நேரத்தில் வந்த பரிசோதனை முடிவில் ஹீமோகுளோபின் 6.9 கிராம் என்றிருந்தது. (அவரது இசைவுடனேயே இதை எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியுள்ளேன்.)

இவ்வளவு இரத்தம் எங்கே போயிற்று என்பதே முதல் கேள்வி. வாந்தி இல்லை, வயிற்று வலி இல்லை, அடிபட்ட காயமும் இல்லை. "மலம் என்ன நிறத்தில் போகிறது அம்மா?" என்று கேட்டேன். சிறிது தயங்கிவிட்டு, "நாலஞ்சு நாளா கறுப்பாத்தான் போவுது டாக்டர். பேரீச்சம்பழம் தின்னதாலன்னு நெனைச்சேன்" என்றார். அருகில் நின்ற மருமகள், கழிப்பறையில் மூன்று நான்கு முறை தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் தார்போல ஒட்டிக்கொண்டிருந்தது என்றும், நாற்றம் வழக்கமானதாக இல்லை என்றும் சொன்னார். நோய் எங்கே இருக்கிறது என்பதை ஏறக்குறைய அவரே கூறிவிட்டார் எனலாம். இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ கசியும் இரத்தம் அமிலத்தாலும் குடற்கிருமிகளாலும் மாற்றமடைந்து கருமையாகவும் பிசுபிசுப்பாகவும் வெளியேறும். ஏறத்தாழ 50 மில்லி லிட்டர், அதாவது கால் டம்ளர் இரத்தம் கசிந்தாலே மலம் இப்படிக் கறுத்துவிடும். இரும்புச்சத்து மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் மலம் கறுக்கும். ஆனால் அதில் இந்தப் பிசுபிசுப்பும் நாற்றமும் இராது.

அடுத்து மாத்திரைகளைப் பற்றிக் கேட்டோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து தினமும் 75 மில்லி கிராம் ஆஸ்பிரின் எடுத்துக்கொள்கிறார். அதை மட்டுமே சொன்னார். மூட்டுவலிக்கு என்ன எடுக்கிறீர்கள் என்று தனியாகக் கேட்ட பிறகுதான், இடுப்பில் செருகியிருந்த சுருக்குப்பையிலிருந்து பாதி தீர்ந்த ஓர் அட்டை வெளியே வந்தது. அசிக்லோஃபெனாக் 100 மில்லி கிராமும் பாராசிட்டமால் 325 மில்லி கிராமும் சேர்ந்த மாத்திரை அது. எட்டு மாதங்களாகக் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. காலை மாத்திரை நான்கரை மணிக்கு, வரக்காப்பியோடு. மருந்துக் கடையில் பழைய அட்டையைக் காட்டினால் புதியது கிடைத்துவிடும். வலி தாங்காத நாட்களில் தெருமுனையில் ஊசி ஒன்றும் போட்டுக்கொள்வார். அதுவும் இதே குடும்பத்தைச் சேர்ந்த டைக்ளோஃபெனாக்தான் என்பது அவருக்குத் தெரியாது.

இதை மறைக்க வேண்டும் என்று அவர் எண்ணவில்லை. "அது வலி மாத்திரைதானே" என்றார். மருந்து என்றால் இதயத்திற்கும் சர்க்கரைக்கும் எடுப்பது. வலி மாத்திரை என்பது காப்பி, வெற்றிலைபோல அன்றாடத்தில் கலந்துவிட்ட ஒன்று. எங்களிடம் வரும் நோயாளிகளில் பலரும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். ஆகவே என் புறநோயாளர் அறையில் "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று நான் கேட்பதோடு நிறுத்துவதில்லை. "மூட்டுக்கு, முதுகுக்கு, தலைவலிக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன்.

எட்டு மாதங்களில் அவருக்கு வயிற்று எரிச்சலே வரவில்லையா? வந்தது. மாத்திரையைத் தொடங்கிய முதல் மாதத்தில், மேல்வயிற்றின் நடுவில், நெஞ்சுக்குழிக்குக் கீழே, மிளகாய் அரைத்த கை எரிவதுபோல் எரிந்ததாம். இளஞ்சிவப்பு நிறத்தில் வரும் அமிலத் தணிப்பு மருந்தை வாங்கி, எரியும்போதெல்லாம் இரண்டு மூடி குடித்தார். இரண்டு மாதங்களில் எரிச்சல் முற்றிலும் நின்றுவிட்டது. உடம்புக்கு மாத்திரை பழகிவிட்டது என்று நிம்மதியடைந்தார். பின்னர் என்னிடம் அவர் கேட்ட கேள்வி நியாயமானது: "எரிச்சல் இருந்தப்போ பயந்தேன் டாக்டர். அதுதான் நின்னுபோச்சே, அப்புறம் எப்படி புண்ணு வரும்?"

இக்கட்டுரை பெரும்பாலும் அந்தக் கேள்விக்கான விடைதான்.

அமிலத்தில் கரையாத பை

நம் இரைப்பை நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை செரிமான நீரைச் சுரக்கிறது. அதில் உள்ளது ஹைட்ரோகுளோரிக் அமிலம். இறைச்சியையே கரைக்கவல்ல அந்த அமிலம், தசையாலான இரைப்பையைக் கரைக்காமல் விடுவது எப்படி?

இரைப்பையின் உட்புறச் சுவரின்மீது, ஒரு மில்லி மீட்டருக்கும் குறைந்த தடிமனில், கூழ் போன்றதொரு சளிப்படலம் பரவியிருக்கிறது. அதன் அடியிலுள்ள செல்கள் பைகார்பனேட் என்னும் காரப்பொருளைச் சுரந்து அந்தப் படலத்திற்குள் அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. இதன் விளைவாக, படலத்தின் மேற்புறத்தில் கடும் அமிலமும், அதே படலத்தின் அடியில், செல்லைத் தொடும் இடத்தில், ஏறக்குறைய வெறும் தண்ணீரைப் போன்ற நடுநிலையும் நிலவுகின்றன. அதையும் மீறி ஊடுருவும் அமிலத்தை, அடியில் ஓடும் செறிவான இரத்த ஓட்டம் அடித்துச் சென்றுவிடும். அப்படியும் சில செல்கள் பழுதடைந்தால், பக்கத்துச் செல்கள் நகர்ந்து வந்து இடைவெளியை மூடும். சில நாட்களுக்குள் மேற்பரப்பு முழுவதுமே புதுப்பிக்கப்பட்டுவிடும்.

சளி, பைகார்பனேட், இரத்த ஓட்டம், செல்களின் புதுப்பிப்பு ஆகிய இந்த நான்கையும் நடத்தும் ஆணை ஒரே இடத்திலிருந்து வருகிறது. பிராஸ்டகிளாண்டின் என்னும் வேதிப்பொருள்தான் அந்த ஆணை. இரைப்பைச் சுவரிலேயே கணந்தோறும் சிறிதளவு உண்டாகி, உண்டான இடத்திலேயே வேலை செய்து மறையும் பொருள் அது.

நம் முழங்காலிலும் இதே பிராஸ்டகிளாண்டின் உண்டாகிறது. தேய்ந்த மூட்டில் அழற்சி ஏற்படும்போது அது அதிகமாகச் சுரந்து, வீக்கத்தையும் வலியையும் கூட்டுகிறது. ஒரே பொருள் முழங்காலில் வலியைத் தருகிறது. இரைப்பையில் காவல் புரிகிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

மாத்திரை இருவழியில் தாக்குகிறது

ஆஸ்பிரின் இரைப்பையைப் புண்படுத்தக்கூடும் என்பதை 1938-ஆம் ஆண்டிலேயே லண்டனைச் சேர்ந்த மருத்துவர்கள் டௌத்வெயிட்டும் லின்டாட்டும் இரைப்பைக்குள் கருவி செலுத்தி நேரில் கண்டு எழுதினார்கள். ஆனால் ஏன் என்பது 1971 வரை தெரியவில்லை. அவ்வாண்டு ஜான் வேன் என்னும் ஆங்கிலேய மருந்தியல் அறிஞர், ஆஸ்பிரினும் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளும் உடலில் பிராஸ்டகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன என்று காட்டினார். அதற்காக 1982-இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

பிராஸ்டகிளாண்டினைத் தயாரிக்கும் நொதியின் பெயர் சைக்ளோ-ஆக்சிஜனேஸ். டைக்ளோஃபெனாக், அசிக்லோஃபெனாக், இபுப்ரோஃபென், நாப்ராக்சென், ஆஸ்பிரின் ஆகியவை இந்த நொதியைப் பூட்டிவிடுகின்றன. முழங்காலில் பூட்டும்போது வலி குறைகிறது. ஆனால் இரத்தத்தில் கலந்த மருந்துக்கு முழங்கால் எது, இரைப்பை எது என்று தெரியாது. இரைப்பையிலும் பூட்டுகிறது. சளிப்படலம் மெலிகிறது, பைகார்பனேட் குறைகிறது, இரத்த ஓட்டம் சுருங்குகிறது, பழுதுபார்க்கும் வேலை தாமதமாகிறது. அமிலமோ குறைவதில்லை, அது எப்போதும்போல் சுரந்துகொண்டிருக்கிறது.

இது இரத்தத்தின் வழியாக வரும் தாக்குதல். மற்றொன்று நேரடியானது. இந்த மருந்துகளில் பெரும்பாலானவை தம்மளவில் மெல்லிய அமிலங்கள். இரைப்பையின் கடும் அமிலத்தில் அவை மின்னூட்டம் இல்லாத நிலையில் இருப்பதால், செல்லின் கொழுப்புச் சுவரை எளிதில் ஊடுருவி உள்ளே நுழைந்துவிடும். செல்லின் உட்புறம் நடுநிலையானது. அங்கே சென்றதும் மருந்து மின்னூட்டம் பெற்று, வந்த வழியே திரும்ப முடியாமல் உள்ளேயே தங்கிச் செல்லைச் சிதைக்கிறது. வெறும் வயிற்றில் மாத்திரை போட்ட சிறிது நேரத்தில் உண்டாகும் சிறு கீறல்களுக்கும் இரத்தப் புள்ளிகளுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம்.

இவ்விரண்டு வழிகளையும் பிரித்துப் புரிந்துகொள்வது முக்கியம். ஏனெனில் நம்மிடையே உலவும் பல நம்பிக்கைகள் இரண்டாவது வழியை மட்டும் மனத்தில் கொண்டவை. "ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது" என்பார்கள். ஊசி மருந்து இரைப்பையைத் தொடுவதில்லை என்பது உண்மை. ஆனால் இரத்தத்தின் வழியே வந்து நொதியைப் பூட்டுவதில் ஊசிக்கும் மாத்திரைக்கும் வேறுபாடு இல்லை. ஆசனவாய் வழி வைக்கும் மருந்துக்கும், குடலில் சென்று கரையும்படி மேற்பூச்சிட்ட மாத்திரைக்கும் இதுவே பொருந்தும். ஆழமான புண்களை உண்டாக்குவது பெரிதும் இந்த இரத்தவழித் தாக்குதலே.

"சாப்பிட்ட பிறகு போட்டுக்கொண்டால் போதும்" என்பதும் அப்படித்தான். உணவோடு எடுத்தால் உடனடி எரிச்சல் குறையலாம். அதனால் நாங்களும் அப்படியே எடுக்கச் சொல்கிறோம். ஆனால் மாதக்கணக்கில் தொடரும்போது உணவு புண்ணைத் தடுப்பதில்லை. வரக்காப்பிக்குப் பதில் நான்கு இட்லியோடு அந்த மாத்திரையை எடுத்திருந்தாலும், எட்டு மாதங்களில் அந்த அம்மையார் இதே இடத்திற்கு வந்திருக்கக்கூடும்.

எரிச்சல் ஏன் நின்றது?

இப்போது அவரது கேள்விக்கு வருவோம். வலி மாத்திரையைத் தொடங்கிய முதல் நாட்களில் இரைப்பையின் மேற்பரப்பில் சிறு கீறல்கள் தோன்றுவது மிகச் சாதாரணம். மாத்திரையைத் தொடரும்போதே, சில வாரங்களில், இரைப்பை ஓரளவுக்கு அதற்கு ஈடுகொடுக்கக் கற்றுக்கொள்கிறது. மேற்பரப்புக் கீறல்கள் குறைகின்றன. "பழகிவிட்டது" என்று அவர் சொன்னதில் இவ்வளவு உண்மை உண்டு. ஆனால் எல்லாருக்கும் எல்லா இடத்திலும் அது பழகிவிடுவதில்லை. குறிப்பாக இரைப்பையின் கீழ்ப்பகுதியில், ஏதேனும் ஓரிடத்தில் கீறல் ஆழமாகிப் புண்ணாகிவிடும்.

அந்தப் புண் வலிக்க வேண்டும் அல்லவா? இங்கேதான் வலி மாத்திரை இரண்டாவது முறையாக நம்மை ஏமாற்றுகிறது. முழங்காலின் வலியை மழுங்கச் செய்யும் அதே மருந்து, புண்ணின் வலியையும் மழுங்கச் செய்கிறது. போதாதற்கு அமிலத் தணிப்பு மருந்து மேற்பரப்பு எரிச்சலைத் துடைத்துவிடுகிறது. இரண்டு மூடி மருந்து அரைமணி நேரம், ஒருமணி நேரம் அமிலத்தைச் சமன்செய்யும். புண்ணை ஆற்றுவதற்கு அது போதாது. வயது கூடக்கூட உடல் வலியை உணர்த்துவதும் குறைகிறது. முதியவர்களிடத்தில் முதல் அறிகுறியே இரத்தக்கசிவாக இருப்பதை நாங்கள் திரும்பத் திரும்பக் காண்கிறோம்.

இதன் மறுபக்கமும் உண்டு. கடும் எரிச்சலோடு வந்து, எண்டோஸ்கோபியில் இரைப்பை வழுவழுவென்று நலமாக இருப்பவர்களும் பலர். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்பதில்லை. அமிலம் பட்டுக் கூச்சமடைந்த நரம்புகளின் எரிச்சல் அது. ஆக, எரிச்சலை வைத்துப் புண்ணை அளக்க இயலாது. எரிச்சல் இருப்பதால் புண் இருக்கிறது என்றோ, எரிச்சல் இல்லாததால் புண் இல்லை என்றோ முடிவுகட்டுவது இரண்டுமே தவறு. இவ்வகை மாத்திரையைத் தொடர்ந்து எடுப்பவர்களை எண்டோஸ்கோபியில் பார்த்தால், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் புண் இருக்கக்கூடும். அவர்களில் பலருக்கு அது இருப்பதே தெரியாது. இரத்தக்கசிவு, இரைப்பையில் ஓட்டை போன்ற பெருந்தீங்கு, ஓராண்டில் நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு நேர்கிறது. விழுக்காடு சிறிதுதான். ஆனால் எத்தனை வீடுகளில் இந்த அட்டை இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

அந்த ஒருவர் யார் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்ல முடியும். அறுபத்தைந்தை நெருங்கியவர் அல்லது கடந்தவர், முன்பே இரைப்பைப் புண் வந்தவர், இரண்டு வகை வலி நிவாரணிகளைச் சேர்த்து எடுப்பவர், அதனோடு ஆஸ்பிரினோ இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையோ ஸ்டீராய்டோ எடுப்பவர் ஆகியோருக்கு ஆபத்து பன்மடங்கு. நம் இட்லிக் கடை அம்மையாருக்கு வயது, மாத்திரை, ஊசி, ஆஸ்பிரின் ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்திருந்தன. இவற்றுள் ஆஸ்பிரினைப் பற்றி ஒரு சொல். இரத்தம் உறைவதற்கு உதவும் நுண்தட்டுகளை அது ஒருமுறை பூட்டினால், அந்தத் தட்டு வாழும் ஏழு முதல் பத்து நாட்களும் அது பூட்டியே கிடக்கும். இதயத்திற்கு அதுவே பாதுகாப்பு. ஆனால் இரைப்பையில் ஒரு புண் இருக்கும்போது, கசியும் இரத்தம் எளிதில் உறைந்து நிற்காது.

குழாயின் முனையில் கண்டது

இரண்டு அலகு இரத்தம் ஏற்றி, அமிலச் சுரப்பைத் தடுக்கும் மருந்தை நரம்பு வழியாகச் செலுத்தி, நாடித் துடிப்பு அடங்கிய பின், அன்று பிற்பகலே எண்டோஸ்கோபி செய்தோம். சுண்டுவிரல் பருமனுள்ள குழாய் அது. தொண்டையை மரக்கச் செய்து, சிறிது மயக்கம் கொடுத்துச் செய்வதால் நோயாளிக்குப் பெரிய துன்பம் இராது. பரிசோதனை பத்து நிமிடங்களில் முடிந்துவிடும்; இரத்தக்கசிவை நிறுத்த வேண்டியிருந்தால் சற்றுக் கூடுதலாகும்.

இரைப்பையின் கீழ்ப்பகுதியில், ஒன்றேகால் சென்டி மீட்டர் அகலத்தில், வெள்ளைத் தளத்துடன் ஒரு புண் இருந்தது. அதன் நடுவே குண்டூசித் தலையளவில் கருஞ்சிவப்பாக ஒரு புடைப்பு. புண் அரித்துக்கொண்டே சென்று, சுவரினுள் ஓடும் ஓர் இரத்தக்குழாயைத் திறந்துவிட்டிருந்தது. அதன் வாயில் உறைந்து நின்ற இரத்தமே அந்தப் புடைப்பு. அப்படியே விட்டால் ஓரிரு நாட்களில் மீண்டும் பீறிடும் வாய்ப்பு அதிகம். ஆகவே சுற்றிலும் அட்ரினலின் ஊசி செலுத்தி, புடைப்பின்மீது இரண்டு உலோகக் கவ்விகளைப் பொருத்தினோம். அடுத்த 72 மணி நேரம் அமிலத் தடுப்பு மருந்து நரம்பு வழியே இடைவிடாது சென்றது. உறைந்த இரத்தக்கட்டி அமிலத்தில் கரைந்துவிடும். அமிலம் அடங்கியிருந்தால்தான் அது நிலைக்கும்.

அதே சமயம் இரைப்பையிலிருந்து சிறு சதைத்துணுக்குகள் எடுத்துச் சோதித்ததில், ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியும் இருப்பது தெரியவந்தது. ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் கண்டறிந்து, 2005-இல் நோபல் பரிசு பெற்றது இந்தக் கிருமிக்காகவே. இதுவும் தனித்தே புண்ணை உண்டாக்கும். வலி மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து இரட்டிக்கிறது. இதற்குப் பதினான்கு நாட்கள் கூட்டு மருந்து கொடுத்தோம். அது முடிந்த பிறகு, கிருமி ஒழிந்ததா என்று மீண்டும் சோதித்து உறுதிசெய்துகொண்டோம்.

வீட்டினர் அப்போது செய்யவிருந்த ஒரு தவற்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். "ஆஸ்பிரினாலும் ரத்தம் போகும்னு சொன்னீங்களே சார், இனி அதைக் குடுக்கவே வேண்டாம்னு நிறுத்திடறோம்" என்றார் மகன். ஸ்டென்ட் வைத்தவருக்கு ஆஸ்பிரினை ஒரேயடியாக நிறுத்தினால், வயிறு தப்பித்து இதயம் அகப்பட்டுக்கொள்ளும். இதயநோய் மருத்துவரோடு கலந்து, கசிவு நின்றது உறுதியானதும், மூன்றாம் நாளே ஆஸ்பிரினை மீண்டும் தொடங்கினோம், அமிலத் தடுப்பு மாத்திரையின் காவலோடு. நிறுத்தப்பட்டது அசிக்லோஃபெனாக்கும் ஊசியும்தான். நிறுத்துவதாயினும் தொடர்வதாயினும், ஆஸ்பிரின் விஷயத்தில் வீட்டில் முடிவெடுக்க வேண்டாம்.

அமிலத் தடுப்பு மாத்திரையை எப்படி எடுப்பது

பாண்டபிரசோல், ஒமிபிரசோல் போன்ற மாத்திரைகளை "கேஸ் மாத்திரை" என்று அழைப்பது நம் வழக்கம். இவை எரிச்சலைத் தணிக்கும் திரவ மருந்தைப் போன்றவை அல்ல. அமிலத்தை வெளியேற்றும் நுண்ணிய பம்புகளையே நிறுத்துபவை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இயங்கிக்கொண்டிருக்கும் பம்பை மட்டுமே இவற்றால் நிறுத்த முடியும். பம்புகள் இயங்கத் தொடங்குவது உணவு உண்ணும்போது. ஆகவே உணவுக்கு அரைமணி நேரம் முன்பு எடுத்தால், மருந்து இரத்தத்தில் தயாராக இருக்கும் வேளையில் பம்புகள் விழிக்கும். சாப்பிட்ட பின்போ, எரிச்சல் வரும்போது மட்டுமோ எடுத்தால் பயன் பாதியாகிவிடும். எங்கள் அம்மையாருக்கு நேரம் குறிப்பது கடினமாக இருந்தது. கடையில் அவர் எப்போது உண்பார் என்பதே நிச்சயமில்லை. கடைசியில், அடுப்புப் பற்றவைத்ததும் மாத்திரை, முதல் ஈடு இட்லி இறங்கியதும் அதிலேயே இரண்டு அவருக்கு என்று மருமகள் ஏற்பாடு செய்தார்.

இந்த மாத்திரைக்கும் எல்லை உண்டு. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் புண் வருவதை வெகுவாகக் குறைக்கும், முற்றிலும் தடுக்காது. வலி நிவாரணிகள் அதற்கும் கீழே, சிறுகுடலின் நீண்ட பகுதியிலும் புண்ணை உண்டாக்குவதுண்டு. அங்கே அமிலமே இல்லாததால் இம்மாத்திரைக்கு அங்கு வேலையில்லை. சிறுநீரகத்திற்கு வலி நிவாரணிகளால் நேரும் தீங்கையும் இது தடுக்காது. ஆகவே, "கேஸ் மாத்திரையும் சேர்த்துப் போடுகிறேன், அதனால் எத்தனை நாள் வேண்டுமானாலும் வலி மாத்திரை எடுக்கலாம்" என்னும் கணக்கு பிழையானது.

அப்படியானால் முழங்காலுக்கு என்ன செய்வது?

புண்ணை ஆற்றுவது எங்களுக்கு எளிது. வலி மாத்திரையை நிறுத்திவிட்டு, நாளைக் காலை நான்கு மணிக்கு அடுப்பின்முன் நிற்க வேண்டிய ஒருவரிடம், வலிக்கு என்ன விடை சொல்வது என்பதே கடினம். வெறுமனே "மாத்திரையை நிறுத்துங்கள்" என்று எழுதி அனுப்பினால், பத்தாம் நாள் அவர் வேறொரு மருந்துக் கடைக்குப் போவார். அதற்கு அவரைக் குறைசொல்லிப் பயனில்லை.

எலும்பு மூட்டு மருத்துவரும் இயன்முறை மருத்துவரும் சேர்ந்து வகுத்த திட்டம் இது. வலி மிகும் நாட்களில் பாராசிட்டமால் 500 மில்லி கிராம், தேவைப்பட்டால் நாளுக்கு மூன்று முறை. இது இரைப்பையின் காவலைக் குலைப்பதில்லை. மூட்டுத் தேய்மானத்தில் இதன் பயன் மிதமானதே என்பதையும் அவரிடம் மறைக்கவில்லை. கல்லீரல் நோய் உள்ளவர்களும் மது அருந்துபவர்களும் இதையும் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும். முழங்காலின்மீது டைக்ளோஃபெனாக் களிம்பு, நாளுக்கு மூன்று நான்கு முறை. தோலுக்கு மிக அருகில் உள்ள மூட்டு என்பதால் முழங்காலுக்கு இது நன்கு உதவுகிறது. இரத்தத்தில் கலப்பது மாத்திரையோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். களிம்பும் அதே மருந்துதானே என்று அவர் சரியாகவே கேட்டார். அதே மருந்துதான், ஆனால் இரைப்பையைச் சென்றடையும் அளவு வேறு.

இவற்றை விடவும் நீடித்த பயன் தந்தது தொடைத் தசைப் பயிற்சி. நாற்காலியில் அமர்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி ஐந்து எண்ணும் வரை நிறுத்தி இறக்குவது. காலுக்குப் பத்து முறை, காலை மாலை. தொடையின் முன்தசை வலுத்தால் முழங்கால்மீது இறங்கும் சுமையை அது பகிர்ந்துகொள்ளும். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்கள் பிடிக்கும். முதல் மூன்று வாரங்களில் மனம் தளர்ந்து விடுபவர்களே அதிகம்.

இரைப்பையை ஓரளவு மட்டுமே தாக்கும் எட்டோரிகாக்சிப் போன்ற மாத்திரைகளை ஏன் தரக்கூடாது என்று மகன் கேட்டார். இவ்வகை மருந்துகள் அழற்சியில் ஈடுபடும் நொதியையே பெரிதும் பூட்டுவதால் இரைப்பைக்குக் குறைந்த தீங்கு செய்பவை என்பது உண்மை. ஆனால் இவ்வினத்தைச் சேர்ந்த ரோஃபெகாக்சிப், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் அதிகரித்ததால் 2004-இல் உலகெங்கும் விற்பனையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. ஸ்டென்ட் உள்ளவருக்கு இவ்வழி திறந்ததன்று. இதய நோய் இல்லாதவருக்கு, மருத்துவர் கணக்கிட்டுத் தருவது வேறு செய்தி. அதுபோலவே, முடக்குவாதம் போன்ற அழற்சி நோய்களில் வலி நிவாரணிகள் உண்மையிலேயே தேவைப்படலாம். அங்கே மிகக் குறைந்த அளவில், மிகக் குறுகிய காலத்திற்கு, தகுந்த காவலோடு தருகிறோம். அத்தகைய நோயாளிகள் இதைப் படித்துவிட்டு மருந்தைத் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

வீட்டில் இவ்வகை மாத்திரை எடுப்பவர் இருந்தால், உடனிருப்போர் கவனிக்க வேண்டியவை சிலவே. மலம் தார்போலக் கறுத்து ஒட்டினாலோ, வாந்தியில் இரத்தமோ காப்பித்தூள் போன்ற துகள்களோ இருந்தாலோ, எழுந்து நிற்கும்போது கண் இருண்டாலோ, வயிறு முழுவதும் திடீரெனக் கடுமையாக வலித்து மரப்பலகைபோல இறுகினாலோ, அது மறுநாள் காலைவரை காத்திருக்கக்கூடியதன்று. இரவானாலும் அழைத்து வாருங்கள். வரும்போது வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், காகிதப் பொட்டலத்தில் பெயரின்றி வாங்கிய வலிப்பொடிகளையும் சேர்த்து ஒரு பையில் கொண்டு வாருங்கள். மாதக்கணக்கில் மூச்சுவாங்கலும் களைப்பும் மெல்லக் கூடிவந்தால், அது அவ்வளவு அவசரமன்று. ஆனால் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை தேவை. சொட்டுச் சொட்டாகக் கசியும் புண் மலத்தின் நிறத்தை மாற்றாமலேயே இரத்தத்தைக் குறைத்துவிடக்கூடும்.

எட்டாம் வாரத்தில் அந்த அம்மையாருக்கு மீண்டும் எண்டோஸ்கோபி செய்தோம். இரைப்பையில் ஏற்படும் புண் ஆறியதா என்று நேரில் பார்த்தே ஆகவேண்டும். புண்ணைப் போலவே தோன்றும் புற்றுநோய் ஆறாது என்பதால், ஆறுவதே ஒரு சோதனையுமாகும். புண் இருந்த இடத்தில் வெளிறிய நட்சத்திர வடிவத் தழும்பு மட்டுமே இருந்தது. கவ்விகள் தாமே உதிர்ந்து மலத்தோடு வெளியேறியிருந்தன. ஹீமோகுளோபின் 11.2. ஆஸ்பிரின் தொடரும்வரை பாண்டபிரசோலும் தொடர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன்.

முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். வலி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் இரவில் தூக்கம் கெடுவதில்லை என்றார். மகன் உயரமான முக்காலி ஒன்றை வாங்கி அடுப்பருகே போட்டிருக்கிறாராம். இப்போது உட்கார்ந்தபடியே தோசை வார்க்கிறார். கூட்டம் வரும்போது மட்டும் எழுந்துவிடுவதாக மருமகள் புகார் சொன்னார்.